பைபேக்: 2 லட்சத்தை இரண்டு முறை கழிப்பதா?

கேள்வி: எங்கள் பிரைவேட் லிமிடெட் கம்பெனி, விலகிய பங்குதாரரின் 20,000 ஈக்விட்டி பங்குகளை (முகமதிப்பு 10 ரூபாய்) தலா 25 ரூபாய்க்குத் திரும்ப வாங்கி, 5 லட்சம் கொடுத்துவிட்டது. மூலதனத்தில் 2 லட்சம், செக்யூரிட்டீஸ் பிரீமியத்தில் 3 லட்சம் குறைத்துவிட்டோம். பொது ரிசர்விலிருந்து இன்னொரு 2 லட்சத்தை எடுத்து வைக்கச் சொல்கிறார் ஆடிட்டர். ஒரே பணத்தை இரண்டு முறை கழிப்பதா?

பதில்: ஆடிட்டர் சொல்வதுதான் சரி. அந்த 2 லட்சம் எங்கும் வெளியே போவதில்லை. ரிசர்வுக்குள்ளேயே பெயர் மாறுகிறது, அவ்வளவுதான்.

கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர், பங்குதாரர்கள் போட்ட 10 லட்சம் உள்ளேயே இருக்கும் என்ற நம்பிக்கையில் கொடுத்திருக்கிறார். அதில் 2 லட்சத்தை நீங்கள் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் 2013 கம்பெனிகள் சட்டத்தின் 69-வது பிரிவு இருக்கிறது. ஃப்ரீ ரிசர்வ் அல்லது பிரீமியத்திலிருந்து பைபேக் செய்தால், வாங்கிய பங்குகளின் முகமதிப்புக்குச் சமமான தொகையை கேபிடல் ரிடெம்ப்ஷன் ரிசர்வுக்கு மாற்றியாக வேண்டும். டிவிடெண்டாகப் பிரித்துக் கொடுத்திருக்கக்கூடிய 2 லட்சம் அங்கே போய்ப் பூட்டப்படுகிறது. பின்னாளில் போனஸ் பங்கு கொடுக்க மட்டும் அதைத் தொடலாம்.

ஆகவே விடுபட்டது ஒரே ஒரு பதிவு: பொது ரிசர்வ் பற்று 2 லட்சம், ரிடெம்ப்ஷன் ரிசர்வ் வரவு 2 லட்சம். மாற்றுவது முகமதிப்பை மட்டுமே. கொடுத்த 5 லட்சம் முழுவதையும் மாற்றி வைத்த கணக்குகளையும் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய கணக்குப்படி மூலதனம் 10, பொது ரிசர்வ் 12, பிரீமியம் 3, கடனும் பாக்கியும் 10, ஆக 35 லட்சம். இனி மூலதனம் 8, ரிடெம்ப்ஷன் ரிசர்வ் 2, பொது ரிசர்வ் 10, பிரீமியம் பூஜ்யம், கடனும் பாக்கியும் அதே 10, ஆக 30. எதிர்ப்பக்கம் வங்கி இருப்பு 8-லிருந்து 3 ஆகிறது. மற்றச் சொத்துகள் 27 அப்படியே நிற்கும். மூலதனத்தையும் ரிடெம்ப்ஷன் ரிசர்வையும் கூட்டிப் பாருங்கள், பழைய 10 வர வேண்டும். வராவிட்டால் பதிவில் பிழை.

எனக்கு உறுத்துவது வேறொன்று. மூலதனமும் ஃப்ரீ ரிசர்வும் (பிரீமியமும் இதில் சேரும்) 25 லட்சம். அதில் 10 சதவீதம், அதாவது இரண்டரை லட்சம் வரைதான் போர்டு தீர்மானம் போதும். 5 லட்சத்துக்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். 25 சதவீத உச்சவரம்பான ஆறேகால் லட்சத்தை நீங்கள் தாண்டவில்லை. பைபேக் அழைப்பும் விலகுபவருக்கு மட்டும் போகக் கூடாது. எல்லாப் பங்குதாரர்களுக்கும் அவரவர் விகிதப்படி போயிருக்க வேண்டும். மற்றவர்கள் வேண்டாம் என்றிருந்தால் அதற்குக் காகிதம் இருக்க வேண்டும். சிறப்புத் தீர்மானத்தின் நகலையும் அந்தக் கடிதங்களையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். பைபேக் முடிந்த 30 நாளுக்குள் SH-11 படிவத்தைத் தாக்கல் செய்தாக வேண்டும், அந்தத் தேதியையும் பார்த்து வையுங்கள்.