கேள்வி வங்கியும் ரீல்ஸும் ஒரே போனில் இருந்தால்

"மருத்துவ மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்கு தினமும் 10 மணி நேரம் உட்காருகிறேன். போனை வேறு அறையில் வை என்கிறார்கள், ஆனால் என் கேள்வி வங்கியே போனில்தான் இருக்கிறது. ஒரு சந்தேகம் பார்க்க பிரவுசரைத் திறந்தால் இன்ஸ்டாகிராமில் போய் நிற்கிறேன். என்ன செய்யலாம்?"

முதல் இரண்டு நாள் எதையும் பிளாக் செய்யாதீர்கள். பக்கத்தில் ஒரு தாள் வைத்து, கை வேறு ஆப்பைத் தேடிப் போகும் ஒவ்வொரு தடவையும் மணியையும் அதற்கு முந்தின நிமிடம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். நான் வழிகாட்டிய ஒரு மாணவி இப்படி எழுதியதில், பாதிக்கு மேல் ஒரு கேள்வி தப்பான உடனேதான் நடந்திருந்தது. ஒரு நாள், 40 கேள்வித் தொகுப்பில் 12ஆவது. ரத்தப் பரிசோதனை எண்களை வைத்து ஆனயான் இடைவெளியைக் கணக்கிட்டார், நார்மல் என்று வந்தது, விடை தப்பு. நோயாளிக்கு ஆல்புமின் குறைவு, அதற்குத் திருத்தம் போட்டால் இடைவெளி அதிகம் என்பது விளக்கத்தில் இருந்தது. அதைச் சரிபார்க்க பிரவுசரைத் திறந்தார், மேலே ஒரு நோட்டிஃபிகேஷன் வந்தது, 35 நிமிடம் போச்சு. திரும்பி வந்தபோது ஆல்புமின் விஷயமே நினைவில் இல்லை.

அதாவது அவரை இழுத்தது ரீல்ஸ் மட்டும் இல்லை, தப்பான விடை தந்த அந்தச் சுருக்கென்ற வலியும்தான். அதனால் முதல் மாற்றத்தைக் கேள்வி போடும் முறையிலேயே செய்தோம். விளக்கம் உடனுக்குடன் வரும் முறையை விட்டுவிட்டு, நேரக்கட்டுப்பாட்டில் 40ஐயும் முடித்த பிறகே விடை பார்ப்பது. நடுவில் சந்தேகம் வந்தால் தாளில் "12 – ஆல்புமின்?" என்று இரண்டு வார்த்தை, அவ்வளவுதான், அடுத்த கேள்வி. விடை பார்க்கும்போது அந்தச் சந்தேகங்களைப் புத்தகத்தில் பாருங்கள், பிரவுசரில் வேண்டாம்.

அப்புறம் போனைக் கேள்வி வங்கிக்குள்ளேயே பூட்டுங்கள். ஆண்ட்ராய்டில் App pinning, ஐபோனில் Guided Access என்று செட்டிங்ஸில் தேடினால் வரும், இரண்டுமே திரையை ஒரே ஆப்பில் நிறுத்திவிடும். வெளியே வர பின் நம்பர் கேட்கும்படி வையுங்கள், Do Not Disturb-ஐயும் போட்டுவிடுங்கள். ஆப்புக்கு தினசரி நேர வரம்பு வைப்பதை நான் பெரிதாக நம்புவதில்லை, களைத்துப்போன நேரத்தில் அதை நீட்டித்துக்கொள்ள இரண்டு தட்டு போதும். ஆப்பை நீக்கினாலும் பிரவுசரில் லாகின் அப்படியே இருந்தால் பயன் இல்லை, அங்கேயும் லாக் அவுட் செய்யுங்கள்.

இடைவேளைக்கு எழுந்தால் போன் மேசையிலேயே, பூட்டிய நிலையிலேயே கிடக்கட்டும். படிப்புக் குழுக்களை மியூட் செய்து ராத்திரி ஒரு தடவை பாருங்கள், யார் எத்தனை கேள்வி முடித்தார்கள் என்ற பேச்சு பகலில் தேவையே இல்லை.

ஒரு வாரம் கழித்துத் தாளைப் பாருங்கள். பகல் குறிப்புகள் குறைந்து, கடைசி இரண்டு மணி நேரத்தில் மட்டும் குவிந்திருந்தால், அது போன் பிரச்சினை இல்லை, மூளை களைத்துவிட்டது. அந்த இரண்டு மணி நேரத்தை வெட்டித் தூக்கத்துக்குக் கொடுங்கள்.