தமிழ் வழியில் படித்த தம்பிக்கு வெப்ப இயக்கவியல் குறிப்பை விளக்குவது எப்படி?

கேள்வி: என் தம்பி பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தான். இப்போது பி.எஸ்சி. வேதியியல் முதலாமாண்டு. வெப்ப இயக்கவியல் குறிப்பை ஆங்கிலத்தில் கொடுத்திருக்கிறார்கள். அகராதியில் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து எழுதுகிறான், ஆனாலும் கணக்கு தவறாகவே வருகிறது. நான் அவனுக்கு எப்படி விளக்குவது?

பதில்:

நானும் தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில வழிக் கல்லூரிக்குப் போனவள்தான். இப்போது முதலாமாண்டு மாணவர்கள் சிலருக்கு மாலை நேரத்தில் இயற்பிய வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்தியது ‘அகராதியில் பார்த்து எழுதுகிறான்’ என்ற வரி. தவறு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

குறிப்பில் இருக்கும் கடினமான தோற்றமுள்ள சொற்கள் அவனுக்கு உண்மையில் பெரிய தொல்லை தருவதில்லை. ‘இன்டர்னல் எனர்ஜி’ என்றால் அவன் பதினோராம் வகுப்பில் படித்த அக ஆற்றல். ‘ஐடியல் கேஸ்’ நல்லியல்பு வாயு. ‘ஸ்டேட் ஃபங்ஷன்’ நிலைச்சார்பு. இவற்றுக்கு அகராதி தேவையே இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூல் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஒரே அமைப்பில் வருகிறது. பதினோராம் வகுப்பு வேதியியலின் வெப்ப இயக்கவியல் பாடத்தை இரண்டு மொழியிலும் பதிவிறக்கிப் பக்கத்தில் பக்கம் வையுங்கள். சமன்பாடுகள் இரண்டிலும் ஒரே எழுத்துகளில்தான் இருக்கும். PV = nRT என்ற வரியைத் தமிழ்ப் புத்தகத்தில் கண்டுபிடித்தால், ஆங்கிலப் புத்தகத்தில் அதே வரியின் மேலும் கீழும் இருக்கும் சொற்கள் தாமாகவே புரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

தொல்லை தருபவை எளிமையாகத் தோன்றும் சொற்கள்: ‘வொர்க்’, ‘ரிவர்சிபிள்’, ‘ஆன்’, ‘பை’, ‘அகெய்ன்ஸ்ட்’. இவற்றை அன்றாட ஆங்கிலத்தில் கேட்டிருப்பதால் தெரிந்த சொல் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவான். ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். ஏறக்குறைய எல்லாக் குறிப்பிலும் இருக்கும் கணக்கு இது.

ஒரு மோல் நல்லியல்பு வாயு 300 K வெப்பநிலையில் 10 லிட்டரிலிருந்து 20 லிட்டருக்கு ‘ஐசோதெர்மலி அண்ட் ரிவர்சிபிளி’ விரிவடைகிறது. வேலை எவ்வளவு?

முதலில் ‘ஐசோதெர்மல்’. கிரேக்கத்தில் ‘ஐசோ’ என்றால் சமம். தமிழில் வெப்பநிலை மாறா நிகழ்வு. அதன் பக்கத்திலேயே ‘அடியாபாட்டிக்’ என்ற சொல்லும் குறிப்பில் இருக்கும். அதற்கும் கிரேக்க வேர்தான், ‘ஊடே கடக்க முடியாதது’ என்று பொருள். கடக்க முடியாதது வெப்பம். ஆகவே தமிழில் வெப்பம் மாறாச் செயல்முறை. என்னிடம் வரும் மாணவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதற்குக் காரணம் ஆங்கிலம் அன்று. ‘வெப்பம் மாறா’, ‘வெப்பநிலை மாறா’ என்ற இரண்டு தமிழ்ப் பெயர்களையும் பள்ளியில் வேகமாகப் படித்து ஒன்றாக்கி வைத்திருக்கிறார்கள். ஆங்கிலச் சொல்லை விளக்க உட்காரும்போது தமிழ்ச் சொல்லையே முதலில் பிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. வெப்பநிலை மாறா நிகழ்வில் வெப்பம் உள்ளே வரலாம், வெளியே போகலாம், வெப்பமானி மட்டும் அசையாது. வெப்பம் மாறாச் செயல்முறையில் சுவர் வழியே வெப்பம் கடக்காது, வெப்பமானி ஏறலாம், இறங்கலாம். இதை அவன் வாயால் தமிழில் சொல்ல வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போங்கள்.

இனி ‘ரிவர்சிபிள்’. உங்கள் தம்பியின் நோட்டைத் திறந்து பாருங்கள். அதில் ‘திரும்பக்கூடிய’ என்று எழுதியிருந்தால், கணக்கு ஏன் தவறுகிறது என்பதற்கு அதுவே விடை. வாயு விரிந்த பிறகு அழுத்தினால் எப்படியும் பழைய 10 லிட்டருக்குத் திரும்பும். அப்படிப் பார்த்தால் எல்லா விரிவும் ‘திரும்பக்கூடியது’தானே? பிறகு குறிப்பில் ஏன் இரண்டு தனித்தனிச் சூத்திரம்? இந்தக் கேள்வி அவன் மனதில் எழுந்திருக்கும், ஆங்கிலம் தெரியாததால்தான் புரியவில்லை என்று நினைத்து விட்டிருப்பான்.

ஒரு பிஸ்டனை வரைந்து காட்டுங்கள். தொடக்கத்தில் வாயுவின் அழுத்தம் ஏறக்குறைய 2.5 பார். அதைத் தாங்கிப் பிடிக்கும் அளவுக்குப் பிஸ்டன்மேல் மணல் குவிந்திருக்கிறது. காற்றின் அழுத்தத்தை விட்டுவிட்டு மணலை மட்டும் கணக்கில் கொள்வோம். பாதி மணலை ஒரே வீச்சில் வழித்துப் போட்டால் வெளி அழுத்தம் சட்டென 1.25 பார் ஆகிறது. அந்த மாறா அழுத்தத்தைத் தள்ளிக்கொண்டு வாயு 20 லிட்டருக்கு விரிகிறது. அது செய்யும் வேலை 1247 ஜூல். மாறாக, மணலை ஒவ்வொரு மணியாக எடுத்தால் வெளி அழுத்தம் எப்போதும் வாயுவின் அழுத்தத்தைவிட மயிரிழைதான் குறைவாக இருக்கும். அதே 20 லிட்டருக்கு வந்து சேர்கிறது, ஆனால் வழி முழுவதும் கூடுதல் பளுவைத் தூக்கிக்கொண்டே வந்திருக்கிறது. w = −nRT ln(V₂/V₁) என்ற சூத்திரப்படி வேலையின் அளவு 1729 ஜூல்.

இப்போது திரும்பிப் போவதைப் பாருங்கள், சொல்லின் பொருள் அங்கேதான் இருக்கிறது. மணி மணியாக எடுத்ததை மணி மணியாகவே திருப்பி வைத்தால், வாயுவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர நாம் செலவழிப்பது அதே 1729 ஜூல். வாயுவும் பழைய நிலை, சூழலும் பழைய நிலை, கணக்கு நேர். ஒரே வீச்சில் வழித்த மணலை ஒரே வீச்சில் திரும்பக் கொட்டினாலும் வாயு திரும்பும், ஆனால் செலவு 2494 ஜூல். வாயு கொடுத்தது 1247 மட்டுமே. மீதி 1247 ஜூல் வெப்பமாகச் சூழலில் போய்ச் சேர்ந்துவிட்டது. வாயு திரும்பியது, சூழல் திரும்பவில்லை. ‘ரிவர்சிபிள்’ கேட்பது இரண்டும் சுவடின்றித் திரும்புகிறதா என்பதை. தமிழ்ப் புத்தகத்தின் ‘மீள் செயல்முறை’ என்ற பெயரும் இதைத்தான் சொல்கிறது. நடைமுறையில் எந்த விரிவும் முழுமையான மீள் செயல்முறையாக இருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஆய்வகத்தில் அதைத் தேடிக்கொண்டிருப்பான்.

அதனால்தான் சொல்கிறேன், நோட்டில் ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே ஒற்றைத் தமிழ்ச் சொல் எழுதும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். எது மாறவில்லை, எது உள்ளே வருகிறது அல்லது வெளியே போகிறது என்று ஒரு முழு வாக்கியம் எழுதட்டும். ‘ரிவர்சிபிள்: வெளி அழுத்தமும் வாயு அழுத்தமும் ஒவ்வொரு கணமும் ஏறக்குறைய சமம்’ என்று எழுதியிருந்தால் எந்தச் சூத்திரம் என்று அவனே எடுத்துக்கொள்வான்.

அடுத்து அந்தச் சின்னஞ்சிறு சொற்கள். ‘வொர்க் டன் பை த சிஸ்டம்’ என்றால் அமைப்பு செய்த வேலை. ‘வொர்க் டன் ஆன் த சிஸ்டம்’ என்றால் அமைப்பின் மீது செய்யப்பட்ட வேலை. வேதியியல் புத்தகத்தில் w என்பது இரண்டாவது, ஆகவே ΔU = q + w. வாயு விரியும்போது w குறை எண்ணாக வரும், மேலே சொன்ன விடையை −1729 J என்று எழுத வேண்டும். பள்ளி இயற்பியல் புத்தகத்தில் W முதலாவது, அங்கே ΔU = Q − W. துணைப்பாடமாக இயற்பியல் இருந்தால் இரண்டு குறிமுறையும் ஒரே பருவத்தில் வந்து நிற்கும். இரண்டும் ஒரே உண்மையைத்தான் சொல்கின்றன, w எதைக் குறிக்கிறது என்பது மட்டும்தான் வேறு. அந்த வேறுபாடு முழுவதும் ‘ஆன்’, ‘பை’ என்ற இரண்டு சொற்களில் இருக்கிறது. குறிப்பில் அவை வரும் இடமெல்லாம் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள். ‘அகெய்ன்ஸ்ட்’ என்பதையும் வட்டமிடட்டும். அதற்குப் பின்னால் ‘கான்ஸ்டன்ட் எக்ஸ்டர்னல் பிரஷர்’ என்று வந்தால் நம் மணலை ஒரே வீச்சில் வழித்த கதை அது, மடக்கைச் சூத்திரம் அங்கே செல்லாது.

வாக்கியத்தைப் படிக்கும் முறையிலும் ஒன்று சொல்ல வேண்டும். ‘த சேஞ்ச் இன் இன்டர்னல் எனர்ஜி ஆஃப் ஆன் ஐடியல் கேஸ் அட் கான்ஸ்டன்ட் டெம்ப்பரேச்சர் இஸ் ஜீரோ’ என்று ஒரு வரி இருக்கும். இடமிருந்து வலமாகச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் மாற்றம், அக ஆற்றல், வாயு, வெப்பநிலை என்று உதிரியாகக் கிடக்கும். ‘இஸ்’ என்ற இடத்தில் விரலை வைத்து, அதற்கு முன்னால் உள்ள பகுதியைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படிக்கச் சொல்லுங்கள். ‘மாறா வெப்பநிலையில், நல்லியல்பு வாயுவின், அக ஆற்றலில் ஏற்படும் மாற்றம்’, பிறகு ‘சுழி’. தமிழில் நிபந்தனை முதலில் வருகிறது, ஆங்கிலக் குறிப்பில் அது பெரும்பாலும் வால்பகுதியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எல்லா வரிக்கும் இது பொருந்தாது, ‘விச்’ என்று தொடங்கும் கிளை வாக்கியம் நடுவில் வந்தால் அதைத் தனியாக வெட்டி எடுக்க வேண்டும். ஆனால் வரையறைகளுக்கும் கணக்குகளின் முதல் வரிக்கும் மிக நன்றாக உதவுகிறது.

இந்த வரி புரிந்தால் நம் கணக்கில் மிச்சமிருப்பதும் முடிந்துவிடும். ΔU சுழி, w = −1729 J, ஆகவே q = +1729 J. வெப்பநிலை மாறாமல் இருக்கும்போதே இவ்வளவு வெப்பம் உள்ளே வந்திருக்கிறது.

அவனுக்குப் புரிந்துவிட்டதா என்று பார்க்க, அதே கணக்கில் ஒரு சொல்லை மட்டும் மாற்றிக் கொடுங்கள். ‘ஐசோதெர்மலி’க்குப் பதில் ‘அடியாபாட்டிக்கலி’, ஹீலியம் போன்ற ஓரணு வாயு, மற்றவை அப்படியே. பேனாவைத் தொடுவதற்கு முன் இறுதி வெப்பநிலை 300 K-ஐவிடக் கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா என்று கேளுங்கள். வெளியிலிருந்து வெப்பம் வர வழியில்லை, வேலையை அக ஆற்றலிலிருந்துதான் கொடுக்க வேண்டும், ஆகவே குறையும் என்று அவன் தமிழில் சொல்லிவிட்டால் போதும். விடை ஏறக்குறைய 189 K, வேலை 1384 ஜூல். ‘300-தான், அதுதான் மாறாதே’ என்று சொன்னால் கணக்கை மூடிவிட்டு, வெப்பம், வெப்பநிலை என்ற அந்த இரண்டு தமிழ்ச் சொற்களுக்கே திரும்பிப் போங்கள்.