தம்பியின் சிவப்புச் சட்டை

*ஓணத்தன்று வீட்டு முற்றத்தில் குடும்பமாகப் படம் எடுத்தோம். எல்லோரும் கசவுச் சேலை, கசவு வேட்டி. பெண்களுக்குக் கரும்பச்சை ஜாக்கெட். தம்பி மட்டும் சொன்னதைக் கேட்காமல் சிவப்புச் சட்டையில் வந்து நின்றுவிட்டான். அதைச் சந்தன நிறமாக மாற்ற முடியுமா? போட்டோஷாப் ஓரளவு தெரியும்.*
*வாசகி, கொழிஞ்சாம்பாறை*

மாற்றலாம், ஆனால் சந்தன நிறம் வேண்டாம். ஜாக்கெட்டின் கரும்பச்சையையே தம்பிக்கும் கொடுங்கள்.

படத்தை ஒரு முறை கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். சிவப்புச் சட்டையும் பச்சை ஜாக்கெட்டும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகத் தெரியும். கசவு மட்டும் வெளுத்து நிற்கும். வெளிச்ச அளவு ஒன்றாக இருந்தால் நிறத்தை மட்டும் மாற்றினால் போதும், மடிப்பும் நிழலும் அப்படியே இருக்கும். சந்தனத்துக்குப் போனால் சட்டையை வெகுவாக வெளுக்க வேண்டும். அப்போது மடிப்பெல்லாம் அழுக்குக் கோடாகிவிடும், புள்ளி புள்ளியாகவும் தெரியும். நானும் ஒரு கல்யாணப் படத்தில் அரக்குச் சேலையை அப்படி வெளுக்கப் பார்த்து, சாம்பல் தேய்த்த துணிபோல் ஆக்கியிருக்கிறேன்.

Quick Selection கருவியால் சட்டையை மட்டும் தேர்ந்தெடுங்கள். கழுத்து, கை ஓரங்களை நிதானமாகப் பாருங்கள்; தோலிலும் சிவப்பு உண்டு, அது உள்ளே வந்தால் கழுத்து பச்சையாகிவிடும். அப்புறம் Layer > New Fill Layer > Solid Color. ஜாக்கெட்டில் நிழலும் பளபளப்பும் இல்லாத இடத்திலிருந்து நிறத்தை எடுத்து, அந்த லேயரின் Blend Mode-ஐ Color என்று மாற்றுங்கள். சட்டை பச்சையாகிவிடும்.

பெரும்பாலும் முதலில் பச்சை தூக்கலாக, பெயின்ட் அடித்ததுபோல் இருக்கும். உடனே Opacity-யைக் குறைக்கத் தோன்றும். குறைத்தால் அடியிலிருக்கும் சிவப்பு பச்சையோடு கலந்து பழுப்பாகிவிடும். அதற்குப் பதில் லேயரின் நிறக்கட்டத்தை இரண்டு முறை தட்டி, அந்தப் பச்சையையே கொஞ்சம் மங்கலாக்குங்கள். ஜாக்கெட்டைவிட வெளிறித் தெரிந்தால், சட்டை அளவுக்கு மட்டும் ஒரு Curves போட்டுச் சற்று இறக்குங்கள். சட்டை ஓரத்தில் சிவப்பு நூல்போல் மிச்சம் தெரிந்தால், லேயர் மாஸ்க்கில் அந்த ஓரத்தை மட்டும் சிறு பிரஷ்ஷால் வெள்ளை பூசினால் மறைந்துவிடும்.

இத்தோடு முடிந்தது என்று பலர் பிரிண்ட் போட்டுவிடுவார்கள். வெயிலில் சிவப்புச் சட்டை பக்கத்திலிருப்பவர் மேலும் சிவப்பை அடிக்கும். தம்பியை ஒட்டி நிற்பவரின் கசவில், தோள் பக்கம் லேசாக ரோஸ் படிந்திருக்கும். தம்பியின் தாடைக்கு அடியிலும் இருக்கும். சட்டை பச்சை, நிழல் ரோஸ் என்றால் பார்ப்பவருக்கு ஏதோ உறுத்தும், என்னவென்று சொல்லத் தெரியாது. அந்தத் தோளை மட்டும் தேர்ந்தெடுத்து, Hue/Saturation-இல் Reds, Magentas இரண்டிலும் Saturation-ஐ, துணி பழைய வெண்மைக்கு வரும் வரை குறையுங்கள். கசவுக் கரையைத் தொடாதீர்கள், பொன்னிறத்திலும் சிவப்பு கலந்திருக்கிறது. தாடையில் கை வைத்தால் பாதிக்கு மேல் குறைக்க வேண்டாம், முகம் வெளிறிப் போகும்.