மஞ்சள் தோலை நம்பலாமா? பழம் வாங்குவோருக்கான கேள்வி-பதில்

ஏப்ரல் முதல் வாரம் 3 கிலோ பங்கனப்பள்ளி வாங்கினேன். தோல் முழுக்க நல்ல மஞ்சள். அறுத்தால் கொட்டையைச் சுற்றி வெள்ளையாக இருந்தது, ஒரே புளிப்பு. தோலைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்க முடியாதா?
(வாசகி, அரியாங்குப்பம்)

உங்கள் மேல் தப்பில்லை அம்மா. விற்றவர் மேல்தான் தப்பு. முற்றாத காயைப் பறித்து, தோலை மட்டும் மஞ்சளாக்கி உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். வருடா வருடம் சீசன் தொடங்கும்போது இது நடக்கிறது. முதல் மாம்பழத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஆசையில் அதிக விலை கொடுப்பவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். அதுதான் எனக்குக் கோபம்.

தோலில் பச்சை போவது ஒரு வேலை, உள்ளே மாவுச்சத்து சர்க்கரையாவது வேறு வேலை. மரத்திலேயே நன்றாக முற்றிய காயில் இரண்டும் கூடவே நடக்கும். பிஞ்சுப் பருவத்தில் பறித்ததைக் கார்பைடு கல்லோடு மூடி வைத்தால் இரண்டொரு நாளில் தோல் மஞ்சளாகிவிடும். உள்ளே சர்க்கரையாக மாறப் போதிய மாவுச்சத்தே சேர்ந்திருக்காது. இன்னொன்று, மாம்பழம் உள்ளிருந்து வெளியே பழுக்கும். கொட்டையை ஒட்டிய சதைதான் முதலில் நிறம் மாறும். தோல் மஞ்சள், கொட்டையோரம் வெள்ளை என்றால் வரிசையே தலைகீழ். நீங்கள் அறுத்துப் பார்த்தது அதைத்தான்.

அது கார்பைடுதானா என்று மஞ்சளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எத்திலீன் வாயுவில் பழுக்க வைத்தாலும் தோல் இப்படி ஒரே சீராக மஞ்சளாகும். கார்பைடுக்குத் தடை இருக்கிறது, அதில் ஆர்செனிக்கும் பாஸ்பரஸும் கலந்திருக்கும். எத்திலீனை 100 பிபிஎம் வரை பயன்படுத்த 2016 முதல் அனுமதி உண்டு. முற்றிய காயை எத்திலீனில் பழுக்க வைத்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை, நன்றாகவே இருக்கும்.

அதனால் நிறத்துக்கு முன்னால் பழத்தின் தோளைப் பாருங்கள். முற்றாத பழத்தில் காம்பு மேலே நிற்கும், இரண்டு பக்கமும் தோள் சரிந்து இறங்கும். முற்றியதில் தோள் இரண்டும் பொங்கி எழுந்து, காம்பு ஒரு சின்னக் குழிக்குள் உட்கார்ந்திருக்கும். வயிறும் புடைத்திருக்கும். எந்தக் கல்லாலும் தோளைப் பொங்க வைக்க முடியாது. தோள் சரிந்து, வயிறு ஒட்டி, தோல் மட்டும் பளிச்சென்று மஞ்சளாக இருந்தால் விலையே கேட்காதீர்கள். தோள் பொங்கியிருந்து, மஞ்சளில் அங்கங்கே பச்சை இருந்தால் பயப்பட வேண்டாம். காம்படியில் மூக்கை வைத்துப் பாருங்கள், வாசனை வந்தால் எடுக்கலாம்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். மூன்று கிலோ வேண்டும் என்றால் முதலில் ஒரே ஒரு பழத்துக்குக் காசு கொடுங்கள். அதைக் கடையிலேயே கொட்டை வரை அறுக்கச் சொல்லுங்கள். கொட்டையோரச் சதை மஞ்சளாக இருந்தால் அதே கூடையிலிருந்து மீதியை வாங்குங்கள். அறுக்க மறுத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். அவசரம் இல்லை என்றால், தோள் பொங்கிய காயாகவே வாங்கி வைக்கோலில் வைத்துவிடுங்கள், நாலைந்து நாளில் பழுத்துவிடும். காயாக வாங்கியதை வாளித் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம். முற்றியது மூழ்கும், மிதப்பது பெரும்பாலும் பிஞ்சு.

கார்பைடு சந்தேகம் இருந்தால் பழத்தோடு உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

செந்தூரத்தில் நல்ல சிவப்பாக இருப்பதைப் பொறுக்கினால் இனிக்கும்தானே?
(திருப்பாதிரிப்புலியூர்)

சிவப்பு, வெயில் பட்ட அடையாளம். பழுத்ததை அது சொல்லாது. சிவப்பு இல்லாத பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே பச்சை மங்கி மஞ்சள் இறங்கியிருக்க வேண்டும். மல்கோவா, இமாம்பசந்த் வாங்கும்போது இந்தக் கணக்கும் செல்லாது. அவை பழுத்த பிறகும் பச்சை சாயலிலேயே இருக்கும். அவற்றுக்கு வாசனையும், மெல்ல அழுத்தினால் இளகுவதும்தான் சாட்சி.

மோரிஸ் வாழைப்பழம் பச்சையாக இருக்கிறது. "பழம்தான், சாப்பிடுங்க" என்கிறார் கடைக்காரர். காயைத் தள்ளிவிடப் பார்க்கிறாரா?
(லாஸ்பேட்டை)

இல்லை, அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். மோரிஸ் வகை 24 டிகிரிக்கு மேல் சூட்டில் பழுத்தால் சதை கனிந்தாலும் தோலின் பச்சை முழுதாகப் போகாது. நம் ஊர் வெயிலில் குளிர் அறை இல்லாமல் பழுக்க வைத்தால் அப்படித்தான் வரும். பளபளவென்ற மஞ்சள் மோரிஸ் வேண்டுமானால் 16 முதல் 18 டிகிரி அறையில் பழுத்ததாக இருக்க வேண்டும். விரலால் மெல்ல அழுத்துங்கள், இளகினால் பழம்.

பூவனுக்கும் ரஸ்தாளிக்கும் இந்தச் சலுகை கிடையாது. அவை மஞ்சளாகியே தீர வேண்டும். ரஸ்தாளி இன்னும் ஒரு படி மேலே, தோல் மெலிந்து கரும்புள்ளி விழுந்த பிறகுதான் துவர்ப்பு முழுக்கப் போகும். அந்தப் புள்ளியை அழுகல் என்று நினைத்து ஒதுக்குகிறவர்கள் நல்ல பழத்தை விட்டுவிட்டுப் போகிறார்கள்.

பழம் மஞ்சள், காம்பு பச்சை என்றால் கார்பைடு வாழைப்பழம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நிஜமா?
(நெல்லிக்குப்பம்)

இல்லை. மஞ்சளாகும் வாழைப்பழத்தில் காம்பும் நுனியும் கடைசியில்தான் நிறம் மாறும். இரண்டு நாள் வைத்துச் சாப்பிட ஏற்ற பழம் அது.

வேலை முடிந்து இரவில் தள்ளுவண்டியில் மாம்பழம் வாங்கினேன். மஞ்சளாகத்தான் தெரிந்தது. வீட்டில் பார்த்தால் பாதி பச்சை. போன மாதமும் இப்படியே ஆனது. என்ன செய்ய?
(கடலூர் முதுநகர்)

மஞ்சள் பல்புக்குக் கீழே பச்சைக் காயும் மஞ்சளாகத்தான் தெரியும். பகலில் மஞ்சள் தார்ப்பாய் நிழலிலும் அதே கதைதான். போன மாதமே தெரிந்தும் திரும்ப அதே வெளிச்சத்தில் வாங்கினால் யார் என்ன செய்வது? கையில் செல்போன் இருக்கிறது. அதன் வெள்ளை விளக்கைப் போட்டுப் பாருங்கள். பகலில் என்றால் பழத்தை நிழலுக்கு வெளியே எடுத்துப் பாருங்கள்.

முழுப் பச்சையாகப் பப்பாளி வாங்கி அரிசியில் புதைத்து வைத்தேன். மெத்தென்று ஆனது, ஆனால் சப்பென்று இருக்கிறது. ஏன்?
(மஞ்சக்குப்பம்)

பப்பாளியில் மாம்பழம் மாதிரி மாவுச்சத்துச் சேமிப்பு கிடையாது. இனிப்பு மரத்திலிருந்துதான் வர வேண்டும். பறித்த பிறகு பப்பாளி இளகும், நிறம் மாறும், இனிப்பு மட்டும் ஏறாது. அதனால் இந்த மூன்று பழங்களில் தோலின் நிறத்தை அதிகம் நம்ப வேண்டியது பப்பாளியில்தான்.

மஞ்சள் முதலில் காம்புக்கு எதிர்ப்பக்கம், பூ இருந்த நுனியில்தான் கோடாகத் தொடங்கும். அந்தக் கோடு விழுவதற்கு முன்னால் பறித்தது சமையலுக்கு மட்டும் ஆகும். கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு மஞ்சள் ஏறியதை வாங்கி இரண்டு மூன்று நாள் வெளியே வையுங்கள். இன்றைக்கே சாப்பிட வேண்டும் என்றால் முக்கால் மஞ்சளாக எடுங்கள். குழிந்த கரும்புள்ளி இருந்தால் வேண்டாம், அது பூஞ்சை நோய்.

செய்தித்தாள் சுற்றியிருந்தால் பிரித்துத்தான் வாங்க வேண்டும். புதுச்சேரியில் ஒரு கடையில் நான் கேட்டும் பிரித்துக் காட்டாமல், மஞ்சள் தெரிந்த பக்கத்தை மேலே வைத்துக் கொடுத்தார்கள். காகிதத்துக்குள் இருந்த பக்கம் முழுக்கக் கரும்பச்சை, அறுத்தால் தண்ணீர் சுவை. திருப்பிக் கொண்டுபோனபோது அறுத்த பழத்துக்குப் பணம் கிடையாது என்றார்கள். அறுக்காமல் எனக்கு எப்படித் தெரியும்?

செவ்வாழை எப்போதும் சிவப்புதானே, பழுத்ததை எப்படித் தெரிந்துகொள்வது?
(வில்லியனூர்)

காயில் கருஞ்சிவப்பு, பழுத்தால் ஆரஞ்சு கலந்த சிவப்பு. இரண்டு சீப்பை அருகருகே வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். 13 டிகிரிக்குக் கீழே எந்த வாழையின் தோலும் கறுத்துவிடும், அதற்குப் பிறகு நிறத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது.