சின்னக் கீறலுக்கு கிளைம் போட்டால் பிரீமியம் எவ்வளவு ஏறும்?

கேள்வி: காரைக்குடியில் 1197 சிசி கார் வைத்திருக்கிறேன். நாலு வருஷமாக கிளைம் இல்லை. பிரீமியத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? கீறல் வேலைக்கு 4,000 ரூபாய் ஆகும், கிளைம் போடலாமா?

பதில்: வேண்டாம். கைக்காசு கொடுத்துச் சரிசெய்யுங்கள்.

பிரீமியம் இரண்டு பகுதி. மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு அரசே தொகை நிர்ணயிக்கிறது. அதற்கு இன்ஜின் சிசி மட்டும்தான் கணக்கு. 2022 கட்டணப்படி 1000 முதல் 1500 சிசி வரை 3,416 ரூபாய். கிளைம் போட்டாலும் போடாவிட்டாலும் இது மாறாது.

அடுத்தது சொந்தச் சேதப் பகுதி. வண்டியின் இன்றைய மதிப்பில் குறிப்பிட்ட சதவீதம். வண்டிக்கு வயது ஏற ஏற மதிப்பு இறங்கும். நாலு வருஷம் தாண்டினால் பாதிதான் நிற்கும். ஆனால் 5 வருஷம் தாண்டினால் அந்தச் சதவீதம் கொஞ்சம் ஏறும். வண்டி பதிவான ஊரும் முக்கியம்: சென்னை முதல் மண்டலம், காரைக்குடி, தேவகோட்டை எல்லாம் இரண்டாம் மண்டலம், சற்றே குறைவு.

இந்தப் பகுதியில்தான் கிளைம் வரலாறு வேலை செய்கிறது. உதாரணத்துக்கு 8,000 ரூபாய் என்று வைப்போம். தொடர்ந்து நாலு வருஷம் கிளைம் இல்லாததால் 45 சதவீதம் போனஸ், 3,600 ரூபாய் கழியும். இப்போது கிளைம் போட்டால் அது முழுக்கப் போகும். கிடைப்பதோ, கட்டாயப் பிடித்தம் 1,000 போக 3,000 ரூபாய்தான். அடுத்த வருஷமும் போனஸ் 20 சதவீதத்திலிருந்துதான் தொடங்கும்.

அப்புறம், பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பித்துவிடுங்கள்; தாண்டினால் கிளைமே போடாவிட்டாலும் போனஸ் போய்விடும்.