குளுக்கோஸ் மாத்திரையை மறைக்காதீங்க

கோபிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்கிறார். மகனுக்கு டைப் 1 சர்க்கரை நோய். ஏப்ரலில் ஜே.இ.இ. மெயின், ஈரோட்டில் மையம், மதிய ஷிப்ட். "வெளிய தெரிஞ்சா நாளைக்குப் பொண்ணு தரமாட்டாங்க, அன்னைக்கு ஒரு நாள் ஊசி போடாம அனுப்பு" என்கிறாராம் அவருடைய அண்ணன்.

உங்க பயம் புரியுதுங்க அம்மா. ஆனா அண்ணன் சொல்றதைக் கேட்காதீங்க. டைப் 1-ல் ஊசியை விட்டால் சர்க்கரை ஏறி, வாந்தியும் மூச்சிரைப்புமாக ஆஸ்பத்திரியில்தான் முடியும்.

நிஜமான சிக்கல் வேற. தம்பி போடுவது காலை 8 மணிக்கு 30/70 கலப்பு இன்சுலின். அதில் மெதுவாக வேலை செய்யும் பகுதி மதியத்துக்கு மேல்தான் நல்லா இழுக்கும். தேர்வு 3 முதல் 6 வரை, கேட் 2.30-க்கு மூடிவிடும். வரிசையில் நின்று சோறு தப்பினால், 3 மணி வாக்கில் சர்க்கரை இறங்கும். அதனால் சாப்பாட்டை மையத்துக்குப் பக்கத்திலேயே, உள்ளே போகும் முன் முடிக்கணும். ஊசியின் அளவை மாற்றணுமா என்று ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் கேளுங்க, நீங்களாகக் குறைக்காதீங்க.

பெரும்பாலானோர் கவனிக்காதது இது: தேர்வு நடத்தும் என்.டி.ஏ.வின் தகவல் கையேடே சர்க்கரை நோயாளிகளுக்கு சர்க்கரையை ஏற்றும் குளுக்கோஸ் மாத்திரை, வாழை, ஆப்பிள், ஆரஞ்சு போன்ற பழம், உள்ளே தெரியும் தண்ணீர் பாட்டில் ஆகியவற்றை அனுமதிக்கிறது. சாக்லேட், மிட்டாய், சாண்ட்விச் கூடாது. சாக்லேட்டின் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும், அதனால் நமக்கும் அது உதவாது.

4 கிராம் குளுக்கோஸ் மாத்திரை 12 வாங்குங்க. நிறமில்லாத ஜிப் கவரில் போடுங்க. டாக்டரின் கடிதத்தில் நோயின் பெயர், இன்சுலின், மாத்திரை மூன்றும் இருக்கட்டும். சோதனை செய்பவர் தேடி எடுப்பதற்கு முன்பே தம்பி கவரையும் கடிதத்தையும் நீட்டணும். கையில் சர்க்கரை அளக்கும் சென்சார் ஒட்டியிருந்தால் அதையும் அப்போதே சொல்லணும். போன் உள்ளே வராது என்பதால் சென்சார் காட்டும் அளவைப் போனில் பார்க்க முடியாது. கேட்டுக்கு வெளியே விரலில் குத்திப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

உள்ளே கை நடுங்கி வேர்த்தாலோ, ஒரே கேள்வியை மூன்று தடவை படித்தும் புரியாவிட்டாலோ, அப்போதே 4 மாத்திரையை மென்று விழுங்கணும். 15 நிமிஷத்தில் தெளியாவிட்டால் இன்னொரு 4. கண்காணிப்பாளரிடமும் சொல்லணும்.

இன்னொன்றும் சொல்கிறேன். தம்பிக்கு விவசாயப் படிப்பில்தான் ஆசை என்று எழுதியிருக்கீங்க. கோவை வேளாண் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான் சேர்க்கிறது, ஜே.இ.இ. வேண்டாம். ஜே.இ.இ.க்காகக் கடன் வாங்கி இன்னொரு வருஷம் கோச்சிங் சேர்க்காதீங்க.

தேர்வு நாளில் இன்சுலின் பேனா அப்பாவிடம் நிழலில் இருக்கட்டும். ஏப்ரல் வெயிலில் பைக் டிக்கியில் வைத்தால் மருந்து கெட்டுவிடும். ஐஸ் மேல் படாமல் குளிர்ந்த பிளாஸ்க்கில் வையுங்க.