எங்கள் கதையைச் சொல்லும் பாட்டு லிஸ்ட்: அவர் நீக்கிய ஒரு பாட்டு

வாசகி கடிதம்

எனக்கு 36 வயது, ஊர் ஈரோடு. பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணம், 12 வருடமாகிறது. வருகிற கல்யாண நாளுக்கு எங்கள் வாழ்க்கையைச் சொல்கிற மாதிரி ஒரு பாட்டு லிஸ்ட்டை ஸ்பாட்டிஃபையில் சேர்ந்து போடலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். மூன்று வாரத்தில் 118 பாட்டு ஆகிவிட்டது. அதில் 90-க்கு மேல் அவர் போட்டவை, எல்லாம் அவருடைய காலேஜ் காலத்துப் பாட்டுகள். 2015-ல் எங்கள் முதல் கரு நான்காம் மாதத்தில் கலைந்துபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும்போது காரில் ஓடிய பாட்டை லிஸ்ட்டில் சேர்த்தேன். மறுநாள் காலையில் அது இல்லை. கேட்டால், "நல்ல நாளுக்குப் போடுற லிஸ்ட்டுல அது எதுக்கு?" என்று எழுந்து போய்விட்டார். அவர் ஷார்ஜாவில் வேலை பார்த்த 2016–18 பற்றி அவருக்கு ஒரு பாட்டும் தோன்றவில்லையாம். எனக்கோ அந்த இரண்டு வருடத்துக்கே பதினைந்து பாட்டு இருக்கிறது. இதை விட்டுவிடலாமா, இல்லை உருப்படியாகச் செய்ய வழி இருக்கிறதா?

ஆலோசகர் பதில்

அன்புள்ள சகோதரி,

விட வேண்டாம். ஆனால் இப்போதிருக்கும் லிஸ்ட்டைத் திருத்திக்கொண்டிருக்கவும் வேண்டாம். அதை அப்படியே அவருடைய லிஸ்ட்டாக இருக்கவிட்டு, வேறொன்று தொடங்குங்கள். 118 பாட்டு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். உட்கார்ந்து கேட்கிற கதைக்கு அது ஆகாது. பதினெட்டு பாட்டு போதும். நம் சினிமாப் பாட்டின் நீளத்துக்கு அது ஏறத்தாழ எண்பது நிமிடம் வரும்.

முதலில் அந்தக் காலேஜ் பாட்டுகள். அவற்றைப் பார்த்து மனம் சுருங்காதீர்கள். பதின்வயதிலும் இருபதுகளிலும் நடந்தவை மற்ற வயதில் நடந்தவற்றைவிட அதிகமாக நினைவில் தங்கும். நினைவாற்றலை ஆராய்பவர்கள் இதை 'நினைவு மேடு' என்கிற பொருளில் பேசுவார்கள். பாட்டு விஷயத்திலும் இந்த மேடு உண்டு. "பாட்டு போடுங்க" என்று யாரிடம் சொன்னாலும் கை தானாக அந்த வயதுக்குத்தான் போகும். அவர் உங்களை ஒதுக்கவில்லை. கேள்வி அப்படி அமைந்துவிட்டது. பாட்டிலிருந்து தொடங்கினால் ரசனைப் பட்டியல்தான் வரும். கதை வேண்டுமென்றால் சம்பவத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அதனால் முதல் நாள் போனைத் தொடாதீர்கள். ஆளுக்கொரு தாள், அரை மணி நேரம், வேறு வேறு அறை. கல்யாணம் பேசியதிலிருந்து இன்றுவரை பதினைந்து சம்பவங்களை ஒவ்வொருவரும் எழுதுங்கள். "முதல் வருடம் சந்தோஷமாக இருந்தோம்" என்பது சம்பவம் ஆகாது. "பவானியில் அத்தை வீட்டு விருந்து முடிந்து கடைசி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தது" என்பது சம்பவம். இடம், வேளை, கூட இருந்தவர்கள் என மூன்றும் இருக்க வேண்டும். தனித்தனியாக எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சேர்ந்து உட்கார்ந்தால் முதலில் பேசுபவரின் நினைவு மற்றவருடையதை மூடிவிடும்; நன்றாகக் கதை சொல்லத் தெரிந்தவரின் வாழ்க்கை மட்டுமே லிஸ்ட்டில் வரும்.

பிறகு தாள்களை மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டிலும் இருப்பவற்றை வட்டமிடுங்கள். அவை அப்படியே உள்ளே வரும். மீதியிலிருந்து ஆளுக்கு நான்கு தேர்ந்தெடுக்கலாம், மற்றவரின் சம்மதம் தேவையில்லை. "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்ற வார்த்தைக்கு மட்டும் அன்று தடை போடுங்கள்.

இனிமேல்தான் பாட்டு. இங்கே பலரும் சறுக்குவது, சம்பவத்துக்குப் பொருத்தமான வரிகள் உள்ள பாட்டைத் தேடுவதில். கல்யாணத்துக்கு ஒரு கல்யாணப் பாட்டு, பிரிவுக்கு ஒரு பிரிவுப் பாட்டு என்று போனால் யார் வீட்டு வீடியோவுக்கும் பொருந்துகிற லிஸ்ட்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் உண்மையில் காதில் விழுந்த பாட்டு எது? பஸ்ஸில் ஓடியது, பக்கத்து வீட்டு விசேஷத்தில் ஒலிபெருக்கியில் வந்தது, அவருடைய போனில் ரிங்டோனாக இருந்தது. அது குத்துப் பாட்டாக இருந்தாலும் அதுதான் சரியான பாட்டு. இரண்டு பேருக்கும் பிடிக்காத பாட்டாகக்கூட இருக்கலாம்.

ஆசைப் பாட்டுகள் இந்த வேலைக்கு உதவாமல் போவதற்கும் இதே காரணம்தான். ஒரு பாட்டு எத்தனை சந்தர்ப்பங்களோடு ஒட்டியிருக்கிறதோ, அந்த அளவுக்கு எந்த ஒரு நாளையும் தெளிவாகத் திறந்துகாட்டும் சக்தி அதற்குக் குறையும். ஆயிரம் முறை கேட்ட பாட்டு பொதுவான ஒரு சுகத்தைத் தரும், அவ்வளவுதான். அந்த ஒரு மழைக்காலத்தில் கேட்டு, பிறகு கேட்காமலே போன பாட்டு ஈர வாசனையோடு அந்தத் திண்ணையைக் கொண்டுவந்துவிடும். சோதிப்பது எளிது. முதல் அரை நிமிடத்தைப் போட்டுக் கண்ணை மூடுங்கள். ஓர் இடம் தெரிந்தால் வைத்துக்கொள்ளுங்கள். "நல்ல பாட்டுல்ல?" என்று மட்டும் தோன்றினால் விட்டுவிடுங்கள். அவருடைய காலேஜ் பாட்டுகளில் ஒன்று, உங்கள் பள்ளிக்காலப் பாட்டு ஒன்று, இரண்டையும் கதைக்கு முன்கதையாகத் தொடக்கத்தில் வைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

பாட்டைத் தேடும்போது அன்று கேட்ட அதே ஒலிப்பதிவுதானா என்று பாருங்கள். மேடையில் பாடியது, வேறொருவர் மறுபடி பாடியது, ரீமிக்ஸ் என்று ஒரே பெயரில் பல இருக்கும். பாட்டு சரியாக இருந்தும் நினைவு வரவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான் கோளாறு.

இப்போது ஷார்ஜா. அவருக்குப் பாட்டே தோன்றவில்லை என்பதை "அவருக்கு அந்தக் காலம் ஒன்றுமில்லை" என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வேறு மாதிரியும் படிக்கலாம். பாட்டு கேட்கவே நேரமில்லாத, அல்லது கேட்க மனமில்லாத இரண்டு வருடமாக அது இருந்திருக்கலாம். பாட்டு என்று கேட்காமல் சத்தம் என்று கேளுங்கள். கம்பெனி வேனில் என்ன ஓடும்? அறையில் கூட இருந்தவர் எந்த மொழிப் பாட்டு கேட்பார்? சமைக்கும்போது யார் போனில் என்ன பாடும்? அவர் வாயிலிருந்து ஒரு மலையாளப் பாட்டோ இந்திப் பாட்டோ வந்தால், உங்களுக்கு அதில் ஒரு நினைவும் இருக்காது. இருந்தாலும் அதுதான் அவருடைய ஷார்ஜா.

உங்கள் பதினைந்திலிருந்து இரண்டை எடுங்கள், அவரிடமிருந்து இரண்டு. உங்களுடையது ஒன்று, அவருடையது ஒன்று என்று மாற்றி மாற்றி வையுங்கள். அங்கே இரவு ஒன்பதரை என்றால் இங்கே பதினொன்று. அந்தப் போன் பேச்சின் இரண்டு முனைகளிலும் என்ன கேட்டுக்கொண்டிருந்தது என்பது இந்த நான்கு பாட்டில் வந்துவிடும். நினைவு ஒத்துப்போகாத எந்த இடத்துக்கும் இதே வழிதான். யார் சொல்வது சரி என்று தீர்க்காமல் இரண்டு பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

ஆப் விஷயம் சுருக்கமாக. இப்படிச் சேர்ந்து போடும் லிஸ்ட்டில் இரண்டு பேருமே பாட்டைச் சேர்க்கலாம், நீக்கலாம், இடம் மாற்றலாம். யார் சேர்த்தது என்று காட்டும், யார் நீக்கியது என்று காட்டாது. உங்கள் வீட்டில் நடந்தது பாதி இந்த வசதியால் நடந்தது. ஆகவே நீக்குவதற்கு ஒரு விதி வையுங்கள்: நீக்க நினைப்பவர் முதலில் வாயால் சொல்ல வேண்டும், சேர்த்தவர் கையால்தான் அது நீங்க வேண்டும். வரிசை Custom order என்பதிலும், ஷஃபிள் அணைந்தும் இருக்கட்டும். இல்லையென்றால் 2019 முடிந்து 2013 வரும். பணம் கட்டாத கணக்கென்றால் நடுவில் விளம்பரம் நுழையும். கேட்கிற அன்றைக்காவது கட்டிய கணக்கில் கேளுங்கள். உரிமம் முடிந்தால் சில பாட்டுகள் மங்கிப்போய் ஓடாமல் நின்றுவிடும். அதனால் படம், வருடம், பாடியவர், அந்தச் சம்பவத்தைப் பற்றி ஒரு வரி எனப் பதினெட்டையும் நோட்டில் எழுதி வையுங்கள். ஆப்பில் ஒவ்வொரு பாட்டின் கீழும் குறிப்பு எழுத இடமில்லை. கதை தங்கப்போவது அந்த நோட்டில்தான்.

கடைசியாக, அந்தப் பாட்டு. இப்போதைக்கு அதைத் திரும்பச் சேர்க்காதீர்கள். பாட்டு மனதுக்குள் வருவதற்கு அனுமதி கேட்பதில்லை. காலையில் வண்டி ஓட்டிக்கொண்டே லிஸ்ட்டைப் போட்டவருக்கு அது எதிர்பாராமல் வந்து விழுந்திருக்கலாம். அவர் சொன்ன வாக்கியத்தில் 'நல்ல நாள்' என்ற சொல்தான் முன்னால் நிற்கிறது. அவருக்கு அந்த நாள் மறந்துபோயிருந்தால், அந்தப் பாட்டை அடையாளம் கண்டு நீக்கியிருக்கவே மாட்டார்.

தம்பதிகளை நீண்ட காலம் ஆராய்ந்த ஜான் காட்மேன், அவர்களுடைய கதையைச் சொல்லச் சொல்லும் ஒரு நேர்காணலைப் பயன்படுத்தினார். கஷ்டகாலம் இருந்ததா இல்லையா என்பதைவிட, அதைச் சொல்லும்போது "நாங்கள்" என்று சொல்கிறார்களா, "நான்" என்று சொல்கிறார்களா என்பதை அதில் கவனித்தார்கள். 2015-ஐ இதுவரை இருவரும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தைப் படிக்கையில் தோன்றுகிறது. வேறு யாரும் அருகில் இல்லாத ஓர் இரவில், ஆளுக்குப் பத்து நிமிடம், அந்தக் காரில் அவரவர் என்ன பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் திருத்தக் கூடாது, சமாதானமும் சொல்லக் கூடாது. பாட்டை லிஸ்ட்டில் வைப்பதா என்ற பேச்சை அன்றைக்கு எடுக்காதீர்கள்.

ஒரு வாரம் கழித்து முடிவு செய்யலாம். அதே பாட்டை வைக்கச் சம்மதித்தால் நடுவில் வையுங்கள். தொடக்கத்திலோ முடிவிலோ வேண்டாம். அதற்கு அடுத்து, உடம்பும் மனமும் தேறிவந்த அந்த மாதங்களில் கேட்ட ஒன்று வர வேண்டும். அவரால் முடியாது என்றால், அந்தத் தேறிய காலத்துப் பாட்டை மட்டும் லிஸ்ட்டில் வைத்து, காரில் கேட்டதை உங்கள் தனி லிஸ்ட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் மட்டும் அதற்கு ஒரு வரி இருக்கட்டும். அதற்கு அவர் மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன். கல்யாண நாளில் மற்றவர்கள் முன்னால் போடுவதாக இருந்தால் இந்தப் பகுதி இல்லாத ஒரு நகலைப் போடுங்கள்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு இரண்டு வாரம் ஆகியும் உங்களில் ஒருவருக்குத் தூக்கம் கெட்டாலோ, அந்தச் சாலை வழியாகப் போகவே முடியவில்லை என்றாலோ, லிஸ்ட்டை ஒதுக்கிவைத்துவிட்டு இருவரும் சேர்ந்தே ஓர் ஆலோசகரை நேரில் பாருங்கள். கல்யாண நாளுக்குள் முடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அன்றைக்குப் பதினொரு பாட்டுதான் சேர்ந்திருந்தது என்றால், அந்தப் பதினொன்றைக் கேளுங்கள்.